கம்பிக்கு யார் பொறுப்பு?

அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆர்டினோ ஊனோ போர்டு ஒன்றையும் ஒரு பிரெட்போர்டையும் கையில் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, எல்.இ.டி. எரியுது. ஆனா எரியல" என்றான்.

சொன்னது சரிதான். மேசை விளக்கை அணைத்து, கையைக் குவித்து மறைத்துப் பார்த்தால் சிவப்பு எல்.இ.டி. கங்கு போலத் தெரிந்தது. விளக்கைப் போட்டால் எரிகிறதா என்றே சொல்ல முடியவில்லை. பழைய எல்.இ.டி. என்று நினைத்து மூன்று மாற்றிவிட்டான். ரெசிஸ்டரையும் மாற்றிவிட்டான். யு.எஸ்.பி. கேபிளைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் மல்டிமீட்டரை வைத்தபோதுதான் உண்மையிலேயே குழம்பிப்போனான். எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டு அளந்தால் ஒன்பதாம் பின்னில் ஏறக்குறைய 5 வோல்ட் இருக்கிறது. எல்.இ.டி.யை மாட்டியதும் அது 1.7க்கு விழுகிறது. "பின் செத்துப்போச்சா மாமா?"

அவன் எழுதியிருந்த நிரல் இவ்வளவுதான்:

```
void setup() {
}

void loop() {
  digitalWrite(9, HIGH);
}
```

பின் சாகவில்லை. சொன்னதைத்தான் செய்துகொண்டிருந்தது. அதற்கு என்ன சொல்லப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள, சில்லின் உள்ளே ஒரு பின்னுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஊனோவின் நடுவில் இருப்பது ஏ.டி.மெகா 328பி என்ற சில்லு. அதன் கால்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே வேலை எழுதிவைத்திருக்கிறது. ஒன்று மின்சாரம் வாங்கும், ஒன்று தரைக்குப் போகும். அந்த வேலையை யாரும் மாற்ற முடியாது. மற்ற 23 கால்களுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. ஊனோ போர்டில் அவற்றில் இரண்டைப் படிகத்துக்கும் ஒன்றை ரீசெட்டுக்கும் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் 20 பின்கள் நமக்கு. இன்ன வேலை என்று குறிக்கப்படாமல், நிரல் எழுதுகிறவர் சொல்கிற வேலையைச் செய்ய வைத்திருப்பதால்தான் அவற்றைப் பொதுப்பயன் உள்ளீட்டு வெளியீட்டுப் பின்கள் என்கிறார்கள். சுருக்கமாக ஜி.பி.ஐ.ஓ.

அப்படிப்பட்ட ஒரு பின்னுக்குப் பின்னால் இரண்டு சுவிட்சுகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் டிரான்சிஸ்டர்கள். மேலே இருப்பது பின்னை 5 வோல்ட்டோடு சேர்க்கும். கீழே இருப்பது பின்னைத் தரையோடு சேர்க்கும். தரை என்றால் இங்கே 0 வோல்ட். வெளியீட்டு நிலையில் எப்போதும் இந்த இரண்டில் ஒன்று மூடியிருக்கும். HIGH என்றால் மேல் சுவிட்ச், LOW என்றால் கீழ் சுவிட்ச். பின்னில் என்ன வோல்டேஜ் இருக்க வேண்டும் என்பதைச் சில்லு தீர்மானிக்கிறது, அதற்கான மின்னோட்டத்தையும் அதுவே கொடுக்கிறது.

உள்ளீட்டு நிலை என்றால்? இரண்டு சுவிட்சும் திறந்திருக்கும். அவ்வளவுதான். "உள்ளீடு" என்ற சொல்லைக் கேட்டதும் ஏதோ ஒரு காது திறப்பதாகத் தோன்றும். அப்படி எதுவும் நடப்பதில்லை. பின்னில் இருக்கும் வோல்டேஜைப் பார்த்துச் சொல்லும் சுற்று பின்னோடு எப்போதும் இணைந்தேதான் இருக்கிறது. பின் வெளியீட்டு நிலையில் இருக்கும்போதுகூட `digitalRead` போட்டால் அங்கே உண்மையில் என்ன இருக்கிறதோ அது கிடைக்கும். காது எப்போதும் திறந்திருக்கிறது. நாம் திறந்து மூடுவது வாயை மட்டும்தான். உள்ளீடு என்பது சில்லு கையை எடுத்துவிடுகிற நிலை. "இந்தக் கம்பியின் வோல்டேஜுக்கு இனி நான் பொறுப்பில்லை, வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒதுங்கிக்கொள்வது.

மின்சாரம் வந்ததும் ஏ.டி.மெகா இந்த நிலையில்தான் விழிக்கிறது, எல்லாப் பின்களும் உள்ளீடாக. வெளியே என்ன மாட்டியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெரியாத இடத்தில் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது என்று வடிவமைத்தவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

இன்னொரு உறுப்பும் பின்னோடு சேர்ந்து இருக்கிறது. 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலான ஒரு ரெசிஸ்டர். வேண்டுமானால் அதை 5 வோல்ட்டுக்கும் பின்னுக்கும் நடுவே இணைத்துக்கொள்ளலாம். புல்-அப் என்பார்கள். மேல் சுவிட்ச் இரும்புக் கம்பியால் கட்டி நிறுத்துவது என்றால், புல்-அப் நூலால் மேலே இழுத்துப் பிடிப்பது. யாரும் தொடாதவரை பின் 5 வோல்ட்டில் நிற்கும், யாராவது கீழே இழுத்தால் விட்டுக்கொடுக்கும்.

இனி எல்.இ.டி. கதைக்கு வரலாம். பையன் `pinMode(9, OUTPUT)` எழுத மறந்துவிட்டான். பின் உள்ளீடாகவே இருந்தது. ஏ.டி.மெகாவில் ஒரு விசித்திரம்: HIGH என்று எழுதும் அந்த ஒரே பிட்டுக்கு இரண்டு வேலை. பின் வெளியீடாக இருந்தால் அது மேல் சுவிட்சை மூடும். பின் உள்ளீடாக இருந்தால் புல்-அப்பை இணைக்கும். ஆக, அவன் எல்.இ.டி. நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. புல்-அப் 35 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால் ஓடிய மின்னோட்டம் 0.1 மில்லி ஆம்பியர்கூட இல்லை. சரியாக வெளியீடு போட்டிருந்தால் அவன் மாட்டியிருந்த 220 ஓம் ரெசிஸ்டர் வழியாக 13 மில்லி ஆம்பியர் போயிருக்கும். நூறு மடங்குக்கும் மேலான வித்தியாசம்.

மீட்டர் புதிரும் இதோடு தீர்ந்துவிடும். நல்ல டிஜிட்டல் மீட்டர் பின்னிடமிருந்து கிட்டத்தட்ட எதையும் எடுப்பதில்லை. அதனால் நூலின் மேல் முனையில் இருக்கும் 5 வோல்ட் அப்படியே தெரிந்தது. எல்.இ.டி. மின்னோட்டம் கேட்டது; நூல் இழுபட்டு வோல்டேஜ் விழுந்தது. சும்மா இருக்கும்போது 5 காட்டி, சுமை ஏற்றினால் சரிகிற பின்னைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த விடுபட்ட ஒரு வரியைத்தான்.

வரியைச் சேர்த்ததும் எல்.இ.டி. பளிச்சென்று எரிந்தது. பையன் அடுத்த கேள்வியைக் கேட்டான்: "எப்ப இன்புட் போடணும், எப்ப அவுட்புட் போடணும்னு எப்படி மாமா தெரிஞ்சுக்கறது?" பாடநூல் விடை எளிது: தகவல் உள்ளே வந்தால் உள்ளீடு, வெளியே போனால் வெளியீடு. அது தப்பில்லை, ஆனால் அரைகுறை. நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு. இந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? சில்லு என்றால் வெளியீடு. எதிர்முனையில் இருப்பது என்றால் உள்ளீடு. எல்.இ.டி. தானாக எந்த வோல்டேஜையும் உண்டாக்காது, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும். அதனால் பின் வெளியீடு. தன் வெளியீட்டுக் கம்பியைத் தானே 5க்கும் 0க்கும் ஏற்றி இறக்குகிற சென்சார் மாட்டினால் பின் உள்ளீடு. இந்தக் கேள்வியின் அருமை, விடை ஒன்றாக இல்லாத இரண்டு இடங்களில்தான் தெரியும். ஒன்று, இருவரும் தீர்மானிக்க வந்தால். இன்னொன்று, ஒருவருமே வராவிட்டால்.

இருவரும் வந்தால் சண்டை. ஒரு பொத்தானின் ஒரு முனையைப் பின்னிலும் மறுமுனையைத் தரையிலும் மாட்டியிருக்கிறீர்கள். நிரலில் கைதவறி அந்தப் பின்னை வெளியீடாக்கி HIGH எழுதிவிட்டீர்கள். பொத்தானை அழுத்தும்வரை ஒன்றும் தெரியாது. அழுத்தியதும் சில்லு மேலே இழுக்கிறது, பொத்தான் கீழே இழுக்கிறது. நடுவில் இருப்பது மேல் டிரான்சிஸ்டரின் சில பத்து ஓம் தடை மட்டும். மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியரைத் தாண்டிவிடலாம். ஒரு பின்னுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச வரம்பு 40. பொத்தானை அழுத்தும்போது போர்டே ரீசெட் ஆவதும், சில்லின் முதுகைத் தொட்டால் சுடுவதும் இதன் அடையாளங்கள். சில நொடி தாங்கலாம், தாங்காமலும் போகலாம். அதற்காக நான் பொத்தான் மாட்டும் ஒவ்வொரு பின்னுக்கும் முன்னால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டுவிடுவேன். நிரலில் தப்பு செய்தாலும் 5 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது. ஐம்பது காசு சமாச்சாரம்.

ஒருவரும் வராவிட்டால் நடப்பது இன்னும் வேடிக்கை. ஏழாம் பின்னை வெறும் INPUT ஆக்கி, அதில் ஒரு சாண் ஜம்பர் வயரைச் செருகி, மறுமுனையைக் காற்றில் விட்டேன். ஏழாம் பின் HIGH என்றால் போர்டிலேயே இருக்கும் பதின்மூன்றாம் பின் எல்.இ.டி. எரியும்படி எழுதினேன். பையன் விரலை வயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். எல்.இ.டி. நடுங்கி எரிந்தது. விரலை எடுத்தான், அணைந்தது. மறுபடி எடுத்தபோது அணையவில்லை. மேசைக்குக் கீழே ஓடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பக்கம் வயரைத் திருப்பினால் விரலே இல்லாமல் மினுக்கியது.

பேய் இல்லை. உள்ளீட்டுப் பின் கையை எடுத்துவிட்டது என்றேன் அல்லவா, அந்த விலகல் அவ்வளவு முழுமையானது: அது எடுக்கும் மின்னோட்டம் 1 மைக்ரோ ஆம்பியருக்குள். வீட்டு வயர்களில் நொடிக்கு 50 முறை ஆடும் மின்சாரம் நம் உடம்பையும் அந்த ஒரு சாண் வயரையும் தொடாமலேயே சற்று ஆட்டிவைக்கிறது. வேறு எந்தப் பிடியும் இல்லாத பின்னுக்கு அந்த ஆட்டமே போதும். ஏ.டி.மெகா 5 வோல்ட்டில் ஓடும்போது 1.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் உறுதியாக LOW என்று படிக்கும், 3க்கு மேலே இருந்தால் உறுதியாக HIGH. இடையில் என்ன சொல்லும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அந்தரத்தில் தொங்கும் பின் அந்த இடைவெளியில்தான் அலைந்துகொண்டிருக்கும்.

பொத்தானும் சுவிட்சும் இந்த வகை ஆபத்தைக் கொண்டவை. மூடியிருக்கும்போது கம்பியைத் தரையோடு சேர்த்துத் தீர்மானிக்கின்றன. திறந்திருக்கும்போது அவை அங்கே இல்லை. அந்த நேரத்துக்கு ஒருவர் வேண்டும், அதற்குத்தான் புல்-அப். நிரலில் INPUT என்பதற்குப் பதில் INPUT_PULLUP என்று எழுதினால் உள்ளே இருக்கும் நூல் கட்டப்படும். அழுத்தாதபோது HIGH, அழுத்தினால் LOW. தலைகீழாகத் தோன்றும், இரண்டு நாளில் பழகிவிடும்.

பையனுக்கு இதையெல்லாம் கற்க ஒரு காரணம் இருந்தது. அவர்கள் வீட்டு மொட்டைமாடி டேங்க். மோட்டாரைப் போட்டுவிட்டு அக்கா சமையலில் மறந்துவிடுவாள், தண்ணீர் வழிந்து பக்கத்து வீட்டு மாமி குரல் கொடுத்த பிறகுதான் நினைவு வரும். டேங்க் நிறைந்ததும் மோட்டார் தானாக நிற்க வேண்டும். டேங்கில் ஒரு மிதவை சுவிட்ச், கீழே ஒரு ரிலே, துவக்க ஒரு பொத்தான். மூன்று பின்கள். (மோட்டார் ஓடும் 230 வோல்ட் பக்கத்தை எலக்ட்ரீஷியன்தான் முடித்தார். ரிலே அவர் போட்ட கான்டாக்டரின் சுருளை மட்டும் இயக்குகிறது. அந்தப் பக்கத்தில் பையனுக்கும் எனக்கும் வேலை இல்லை.)

ரிலே பின் வெளியீடு, சந்தேகமில்லை. ஆனால் ரிலேயை நேராக மாட்ட முடியாது. 5 வோல்ட் ரிலேயின் சுருள் சுமார் 70 ஓம்; அது கேட்பது 70 மில்லி ஆம்பியர். பின்னின் வரம்பு 40 என்று பார்த்தோம். அதனால் டிரான்சிஸ்டரோடு வரும் ரிலே மாட்யூல் வாங்கினோம். கடையில் கிடைப்பவற்றில் பல, LOW கொடுத்தால் ரிலேயை இழுப்பவை. எங்களுக்கு வந்ததும் அதுதான்.

மிதவை பின் உள்ளீடு, புல்-அப்போடு. இங்கே ஒரு தேர்வு இருந்தது. சிறிய மிதவை சுவிட்சுக்குள் ஒரு ரீட் சுவிட்ச் இருக்கும், மிதவையில் காந்தம். மிதவையைக் கழற்றித் தலைகீழாக மாட்டினால் சுவிட்சின் குணம் மாறிவிடும். தண்ணீர் ஏறினால் மூடுவதாகவும் வைக்கலாம், திறப்பதாகவும் வைக்கலாம். பையன் இயல்பாக "நிறைஞ்சா மூடட்டும்" என்றான். நான் கேட்டேன், மாடியில் எலி வயரைக் கடித்துவிட்டால்? வயர் அறுந்தால் கம்பியைத் தீர்மானிப்பது புல்-அப் மட்டும், எப்போதும் HIGH. அவன் வழியில் HIGH என்றால் "இன்னும் நிறையவில்லை". மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மாற்றிப் போட்டோம்: டேங்க் நிறையாதவரை சுவிட்ச் மூடியிருக்கும், நிறைந்தால் திறக்கும். இப்போது HIGH என்றால் "நிறுத்து". வயர் அறுந்தாலும், கனெக்டர் கழன்றாலும் நிறுத்து.

```
const int FLOAT_SW = 2;
const int BUTTON   = 3;
const int RELAY    = 8;

void setup() {
  digitalWrite(RELAY, HIGH);
  pinMode(RELAY, OUTPUT);
  pinMode(FLOAT_SW, INPUT_PULLUP);
  pinMode(BUTTON, INPUT_PULLUP);
}

void loop() {
  if (digitalRead(FLOAT_SW) == HIGH) {
    digitalWrite(RELAY, HIGH);
  } else if (digitalRead(BUTTON) == LOW) {
    digitalWrite(RELAY, LOW);
  }
}
```

`setup`-இன் முதல் இரண்டு வரிகளைப் பாருங்கள். வெளியீடாக்குவதற்கு முன்பே HIGH எழுதியிருக்கிறது. தப்பான வரிசை போலத் தெரியும், வேண்டுமென்றே செய்தது. முதலில் வெளியீடாக்கினால் அந்த பிட் அப்போது 0. பின் உடனே LOW ஆகிவிடும், எங்கள் மாட்யூலுக்கு அது "இழு" என்ற கட்டளை. அடுத்த வரியிலேயே HIGH எழுதினால் இடைவெளி சில மைக்ரோ நொடிதான், ரிலே அசைவதற்குள் முடிந்துவிடும். ஆனால் நடுவில் யாராவது எல்.சி.டி. திரையைத் துவக்கும் வரிகளைச் சேர்த்தால், கரண்ட் வரும் ஒவ்வொரு முறையும் "டக்" என்று ரிலே இழுத்து விடும், மோட்டாரும் ஒரு உதறு உதறும். முதலில் எழுதிவிட்டால் நூலால் மேலே நிறுத்தி, பிறகு அதே உயரத்தில் இரும்புக் கம்பியால் கட்டியது போலாகிவிடும். இடையில் சரிவே இல்லை.

இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. ஐப்பசியில் போன் வந்தது. "மாமா, மழை பெஞ்சா மட்டும் டேங்க் வழியுது."

மழையில் வழிகிறது என்றால் மழைத்தண்ணீரால் இல்லை, மோட்டார் நிற்காததால். போய்ப் பார்த்தேன். மாடிப்படிக்கட்டின் மேல் மிதவையின் குட்டை வயரையும் கீழேயிருந்து போன நீள வயரையும் முறுக்கி டேப் சுற்றியிருந்தான். டேப்புக்குள் ஈரம். டேங்க் நிறைந்திருந்தது, சுவிட்ச் திறந்திருந்தது, அப்படியும் இரண்டாம் பின்னில் மீட்டர் ஒரு வோல்ட் சொச்சம் காட்டியது. வயரை இரு முனையிலும் கழற்றிவிட்டு இரண்டு இழைகளுக்கும் நடுவே அளந்தால் சுமார் 10 கிலோ ஓம். அழுக்குத் தண்ணீரே ஒரு ரெசிஸ்டராக உட்கார்ந்து கம்பியைத் தரைக்கு இழுத்துக்கொண்டிருந்தது. 35 கிலோ ஓம் நூல் மேலே இழுக்க, 10 கிலோ ஓம் ஈரம் கீழே இழுக்க, ஈரம் ஜெயித்தது. 1.5க்குக் கீழே என்பதால் சில்லு உறுதியாக LOW என்று படித்தது. LOW என்றால் இன்னும் நிறையவில்லை.

வயர் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்த எனக்கு, இரண்டு இழைகளும் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

போர்டுக்குப் பக்கத்தில், அந்தக் கம்பிக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே, வெளியே ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்தேன். நூலுக்குப் பதில் கயிறு. அதே ஈரத்தோடு அளந்தபோது மூன்றரை வோல்ட். உறுதியான HIGH. சுவிட்ச் மூடும்போது அதன் வழியாக ஓடுவது 1 மில்லி ஆம்பியர் சுமார், ரீட் சுவிட்சுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நீள வயர் என்றால் சில்லுக்குள் இருக்கும் புல்-அப்பை மட்டும் நம்பக்கூடாது என்பது எனக்கு முன்பே தெரியும், சோம்பலில் விட்டதுதான். பிறகு இணைப்பையும் சாலிடர் வைத்து, மாடிச் சுவரின் உள்பக்கத்தில் ஒரு மூடிய பெட்டிக்குள் மாற்றினோம். ஈரம் இன்னும் அதிகமாகி தடை 4 கிலோ ஓமுக்கு இறங்கியிருந்தால் கயிறும் தோற்றிருக்கும்.

மிதவைக்குள் ரீட் சுவிட்ச் மூடியபடியே ஒட்டிக்கொண்டால் இதில் எதுவும் காப்பாற்றாது. அதற்காகப் பையன் நிரலில் இன்னொரு நிபந்தனை சேர்த்திருக்கிறான்: மோட்டார் 25 நிமிடத்துக்கு மேல் ஓடினால், மிதவை என்ன சொன்னாலும் நிறுத்து. அவர்கள் டேங்க் நிறைய 18 நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த எண்ணைப் போட்டான்.